வெளிநாட்டில் ஒரு பள்ளி ஆண்டு: விண்ணப்பக் கடிதம் பற்றி மலையகப் பிள்ளைகளும் பெற்றோரும் கேட்கும் கேள்விகள்

மார்க்ஸ், சான்றிதழ் எல்லாம் படிவத்தில் இருக்கிறதே டீச்சர், அப்புறம் எதற்குத் தனியாக ஒரு கடிதம்?

மார்க்ஸைப் பார்த்தால் நீங்கள் வகுப்பில் எப்படி என்று தெரியும். முன்பின் தெரியாத ஒரு குடும்பத்தோடு ஒரே வீட்டில் எப்படி இருப்பீர்கள் என்று தெரியாது. ஏ.எஃப்.எஸ்., ரோட்டரி போன்ற அமைப்புகளின் ஓராண்டுத் திட்டங்களில் மாணவர் விடுதியில் தங்குவது குறைவு. அந்த நாட்டு வீடு ஒன்றில் வீட்டுப் பிள்ளையாக இருந்து, பக்கத்துப் பாடசாலைக்குப் போய்வர வேண்டும். ரோட்டரியில் 15 முதல் 19 வயது வரையுள்ளவர்களை எடுக்கிறார்கள். வருஷத்துக்குள் ஒன்றுக்கு மேற்பட்ட வீடுகளில் மாறித் தங்க வைப்பதும் அங்கே வழக்கம். பிள்ளையைத் தங்கவைக்கும் வீட்டார் பெரும்பாலும் இதற்குச் சம்பளம் வாங்குவதில்லை, விரும்பித்தான் செய்கிறார்கள்.

ஆகவே கடிதத்தைப் படிப்பவரின் மனதில் இரண்டு கேள்விகள்தான். புரியாத ஒன்றைப் பார்த்தால் இந்தப் பிள்ளை போய்க் கேட்குமா? வசதிப்படாத ஒன்று நடந்தால் வாயைத் திறந்து பேசுமா, அறைக்கதவைச் சாத்திக்கொள்ளுமா? அறிவிப்பில் இவற்றைத்தான் 'ஆர்வம்', 'இசைந்துபோகும் தன்மை' என்று போட்டிருப்பார்கள்.

எனக்கு எழுதுவதற்குப் பெரிதாக ஒன்றும் இல்லை. மேடைப் பேச்சு, விளையாட்டு, பரிசு எதுவும் கிடையாது. ஆர்வம் இருப்பதை எப்படிக் காட்டுவது?

பரிசு இல்லாதது நல்லதுக்குத்தான். பரிசு வாங்கிய பிள்ளைகள் பரிசுகளை அடுக்கிவிட்டு நிறுத்திவிடுகிறார்கள், ஆளைப் பற்றி ஒரு வரி இருக்காது.

தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து வந்த ஒரு மாணவியின் கடிதத்தை இங்கே எடுத்துக்கொள்கிறேன். அவளிடம் கேட்டுத்தான் எழுதுகிறேன். முதலில் கொண்டுவந்ததன் தொடக்கம் இது: "சிறு வயது முதலே பிற நாட்டுக் கலாசாரங்களை அறிவதில் எனக்குப் பேரார்வம் உண்டு. புதியவற்றைக் கற்க நான் எப்போதும் துடிப்போடு இருக்கிறேன்." இதை இலங்கையில் யார் பெயரைப் போட்டும் அனுப்பலாம். பெயரை மாற்றினாலும் பொருந்துகிற வாக்கியத்தை நீக்கிவிட வேண்டியதுதான்.

கடைசியாக யாரிடம் போய் எதைக் கேட்டாய் என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்தாள். அப்புறம் கொழுந்து நிறுக்கும் கதை வந்தது. மழை நாளில் அம்மா கொண்டுபோகும் கொழுந்தில் தண்ணீருக்கென்று ஒரு அளவைக் கழித்துவிட்டுத்தான் துண்டில் எழுதுவார்கள். "ஏன்மா கழிக்கிறாங்க?" என்று கேட்டாள். "தண்ணிக் கணக்கு" என்றார் அம்மா. எந்த வீட்டிலும் கேட்கக்கூடிய கேள்விதான், பெரும்பாலும் அதோடு முடிந்தும் போகும்.

இவள் விடவில்லை. ஃபெக்டரியில் கொழுந்து வாட்டும் பகுதியில் வேலைசெய்யும் மாமாவிடம் போனாள். கொழுந்தை நீளமான வலைத் தட்டுகளில் பரப்பி, அடியிலிருந்து காற்றை அனுப்பி வாட்டுவார்கள் என்றும், வழக்கமாகவே பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும், நனைந்து வந்தால் இன்னும் இழுக்கும் என்றும் மாமா சொன்னார். அடுத்த மழை நாளில் அவள் வீட்டோரத்துத் தேயிலையில் கொஞ்சம் கொழுந்து கிள்ளி, கடைத் தராசில் ஒரு கிலோ நிறுத்தாள். துணியில் பரப்பி ஒற்றியெடுத்து மறுபடி நிறுத்தபோது நூறு கிராமுக்கு மேல் குறைந்திருந்தது. தண்ணீர்க் கணக்கு பொய்யில்லை என்று தெரிந்தது. உடனே அடுத்த கேள்வி: தூறலுக்கும் அடைமழைக்கும் இலையில் நிற்கும் தண்ணீர் ஒன்றாகவா இருக்கும், பிறகு எப்படி எல்லா மழைக்கும் ஒரே கழிவு?

இந்த இரண்டாவது கேள்விதான் அவளுடைய ஆர்வம். முதல் கேள்வி எல்லோருக்கும் வரும். பதில் கிடைத்த பிறகும் ஒரு கேள்வி மிஞ்சுகிறதா என்று பாருங்கள். மிஞ்சினால் அதுதான் உங்கள் பத்தி. கடிதத்தில் அவள் எழுதியது இவ்வளவுதான்:

"மழை நாளில் அம்மாவின் கொழுந்தில் தண்ணீருக்காக நிறையைக் கழிப்பார்கள். எவ்வளவு தண்ணீர் என்று பார்க்க ஆசைப்பட்டேன். ஒரு கிலோ ஈரக் கொழுந்தைத் துணியில் ஒற்றி மறுபடி நிறுத்தேன். நூறு கிராமுக்கு மேல் குறைந்தது. ஆனால் அன்று பெய்தது தூறல். அடைமழையில் எவ்வளவு குறையும் என்று இன்னும் எனக்குத் தெரியாது. கடைக்காரர் தராசை இனித் தரமாட்டேன் என்கிறார், ஈரமாகிவிடுகிறதாம்."

கடைக்காரர் வரியை வெட்டிவிடலாமா என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். 'எனக்கு நகைச்சுவை உணர்வு உண்டு' என்று எழுதினால் யாரும் நம்பமாட்டார்கள், அந்த வரியைப் படித்தால் நம்புவார்கள்.

உங்களுக்குக் கொழுந்து இல்லாவிட்டால் வேறு இருக்கும். தெமோதரையில் ரயில் பாதை வளைந்து தன் அடியிலேயே ஏன் போகிறது, ஜனவரியில் நுவரெலியாவில் சில விடியல்களில் மட்டும் ஏன் பனி உறைந்து உருளைக்கிழங்குச் செடி கருகுகிறது, காமன் கூத்தில் ரதி வேஷத்தை ஆண் ஏன் கட்டுகிறார். எதுவானாலும் நீங்கள் நிஜமாகவே யாரிடமாவது போய்க் கேட்டதாக இருக்க வேண்டும். நேர்காணலில் அங்கிருந்துதான் தோண்டுவார்கள்.

அம்மா கொழுந்து பறிக்கிறார், லயத்தில்தான் இருக்கிறோம். இதையெல்லாம் எழுதினால் இரக்கம் தேடுகிற மாதிரி ஆகாதா? எழுதாமல் மறைத்தால் பொய்யாகாதா?

எழுதலாம், ஆனால் நீங்கள் அறிந்த இடமாக எழுதுங்கள். மேலே பார்த்த பத்தியில் அம்மா வேலை செய்கிறார், தண்ணீருக்குக் கழிக்கிறார்கள், மகள் நிறுக்கிறாள். "ஏழ்மையான தோட்டத் தொழிலாளியின் மகளாகிய நான்" என்ற வரி எங்குமே இல்லை, தேவையும் இல்லை. படிப்பவர் தானே புரிந்துகொள்கிறார்.

பல பிள்ளைகள் முதல் பக்கம் முழுக்கக் கஷ்டத்தை எழுதிவிட்டு, தங்களைப் பற்றிச் சொல்ல மூன்று வரிகளைத்தான் மிச்சம் வைக்கிறார்கள். உதவித்தொகைக்கான படிவத்தில் குடும்ப வருமானத்துக்குத் தனிப் பகுதி இருக்கும், அதை அங்கே நேராக நிரப்புங்கள். கடிதத்தில் அந்த வேலை வேண்டாம்.

நேர்மாறாக, லயத்தை மறைத்து "மலைநாட்டின் எழில் கொஞ்சும் கிராமம்" என்று எழுதுகிறவர்களும் உண்டு. சுற்றுலாக் கையேட்டில் இருக்கும் பச்சை மலை அது. அதில் நீங்கள் இல்லை.

ஒன்று கவனியுங்கள்: வெளிநாட்டில் படிப்பவருக்கு லயம், பிரட்டு, டிவிசன் என்றால் தெரியாது. முதல் தடவை வரும்போது ஒரு சிறு விளக்கம் போதும். 'சுவரோடு சுவர் ஒட்டிய வரிசை வீடுகள்; பக்கத்து வீட்டு ரேடியோ எங்களுக்கும் கேட்கும்' என்று ஒரு மாணவன் எழுதியிருந்தான். நான் படித்ததில் அதைவிட நல்ல விளக்கம் ஞாபகமில்லை.

எங்கும் பழகிக்கொள்வேன் என்று எப்படி நிரூபிப்பது? நான் ஹட்டனைத் தாண்டி அதிகம் போனதே இல்லையே.

தூரம் முக்கியமில்லை. வீட்டு ஒழுங்கு மாறிய ஒரு இடத்தில் சில நாள் இருந்திருக்கிறீர்களா? சித்தி வீடு, டியூஷனுக்காகத் தங்கிய அறை, ஆஸ்பத்திரியில் பாட்டியோடு துணைக்கு இருந்தது, தமிழ்ப் பாடசாலையிலிருந்து வேறு மொழிச் சூழலுக்கு மாறியது, எதுவும் ஆகும்.

அதே மாணவி ஒரு விடுமுறையில் மாத்தளையில் அப்பாவின் நண்பர் வீட்டில் தங்கி ஆங்கில வகுப்புக்குப் போனாள். சிங்களக் குடும்பம். முதல் வரைவில் அதை, "அவர்களோடு இலகுவாகப் பழகிக்கொண்டேன்; இன மத பேதமின்றி அன்பாக இருந்தோம்" என்று முடித்துவிட்டாள். அன்பாக இருந்திருப்பார்கள்தான், ஆனால் என்ன நடந்தது என்று அதில் ஒன்றுமே தெரியவில்லை.

முதல் வாரத்தில் எது பிடிக்கவில்லை என்று கேட்டேன். சட்டென்று சொன்னாள், "ராத்திரிச் சாப்பாடு டீச்சர்." அந்த வீட்டில் ஒன்பதரைக்குத்தான் சாப்பிடுவார்கள். இவள் வீட்டில் அம்மா விடியுமுன் எழும்ப வேண்டியிருப்பதால் ஏழு மணிக்கெல்லாம் சாப்பாடு முடிந்துவிடும். பசியோடு காத்திருந்து, சாப்பாடு வரும் நேரம் பசி செத்துப்போய் இரண்டு வாய் மட்டும் சாப்பிட்டிருக்கிறாள். தங்கள் சமையல் பிள்ளைக்குப் பிடிக்கவில்லை என்று வீட்டார் நினைத்துவிட்டார்கள். அந்த ஆன்டி ஒரு நாள் தனியாக இவளுக்காகச் சாம்பார் மாதிரி ஏதோ வைக்கப் பார்த்தாராம். அப்போதுதான் இவளுக்கு உறைத்தது.

திருத்திய பத்தி இது:

"அந்த வீட்டில் இரவு ஒன்பதரைக்குச் சாப்பிடுவார்கள். எனக்கு ஏழு மணிக்கே பசிக்கும். சொல்ல வெட்கமாக இருந்தது. நான் குறைவாகச் சாப்பிட்டதால் ஆன்டி தன் சமையல் சரியில்லை என்று நினைத்தார். அது தெரிந்ததும் எனக்குத் தெரிந்த சிங்களத்தில் நேரத்தைப் பற்றிச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, ஆறரைக்குத் தேநீரோடு பாண் எடுத்துக்கொள்ளச் சொன்னார். அதன் பிறகு மாலையில் அவரோடு குசினியில் நின்று தேங்காய் துருவினேன். பகிடிகள் மட்டும் கடைசிவரை எனக்குப் புரியவில்லை. எல்லோரும் சிரித்து முடித்த பிறகு நான் சிரிப்பேன். பிறகு அவர்களின் மகளிடம் போய் என்ன சொன்னார் என்று கேட்பேன்."

இதில் நான்கு விஷயங்கள் இருக்கின்றன: எது வித்தியாசமாக இருந்தது, அதனால் என்ன சிக்கல் வந்தது, அவள் என்ன செய்தாள், எது கடைசிவரை கஷ்டமாகவே இருந்தது. நான்காவதைப் பிள்ளைகள் விட்டுவிடுகிறார்கள், பலவீனம் என்று பயம். தெரிவுசெய்பவர் முதலில் நம்புவதே அந்த வரியைத்தான். எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுதினால் அங்கே நீங்கள் ஒரு வாரம்கூட இருந்திருக்கமாட்டீர்கள் என்றுதான் படும்.

வீட்டார் விட்டுக்கொடுத்ததையும் அவள் எழுதியிருக்கிறாள், கவனித்தீர்களா? இசைந்துபோவது என்றால் எல்லாவற்றையும் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுப்பது என்று நம்மில் பலர் நினைக்கிறோம். வெளிநாட்டு வீட்டில் பேசாமல் பொறுத்துக்கொள்ளும் பிள்ளையைப் பற்றித்தான் அவர்களுக்குக் கவலை, ஏனென்றால் சிக்கல் முற்றிய பிறகுதான் அவர்களுக்கே தெரியவரும்.

எனக்கு ஆங்கிலம் சுமார்தான். தமிழில் எழுதி, டியூஷன் சேரிடம் நல்ல ஆங்கிலத்தில் மாற்றித் தரச் சொல்லலாமா?

முதல் வரைவைத் தமிழிலேயே எழுதுங்கள், அதுதான் நல்லது. நினைப்பதெல்லாம் வரும். ஆங்கிலத்தில் மாற்றுவதை மட்டும் நீங்களே செய்யுங்கள். "நிறுத்தேன். குறைந்தது. எனக்குத் தெரியாது." இந்த மாதிரிச் சின்ன வாக்கியங்கள் தரம் 9 ஆங்கிலத்துக்குள் அடங்கும். பிறகு சேரிடம் கொடுத்து, காலம், ஒருமை பன்மை, எழுத்துப்பிழை மூன்றையும் மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். அழகுபடுத்த வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் சேர்மார் சும்மா விடமாட்டார்கள்.

கடிதம் வக்கீல் ஆங்கிலத்தில் இருந்து, நேர்காணலில் நீங்கள் தட்டுத்தடுமாறினால், எழுதியது வேறு ஆள் என்று இரண்டாவது நிமிஷத்திலேயே தெரிந்துவிடும். கடிதமும் பேச்சும் ஒரே அளவில் இருந்தால் ஆங்கிலம் சுமாராக இருப்பது பெரிய குறையாகத் தெரியாது. ஜெர்மனிக்கோ ஜப்பானுக்கோ போகிற பிள்ளைக்கு அங்கே இன்னொரு மொழி காத்திருக்கிறது. எனவே பிழையோடு பேசத் துணிவு இருக்கிறதா என்பதையும் அவர்கள் பார்க்கிறார்கள்.

ஏன் இந்த நாடு என்று கேட்டிருக்கிறது. எனக்கு ஜப்பான் பிடிக்கும், ஆனால் கார்ட்டூன் பார்த்துத்தான் பிடிக்கும். அப்படியே எழுதலாமா?

எழுதலாம். கார்ட்டூனில் எதைக் கவனித்தீர்கள் என்றும் சேர்த்து எழுதுங்கள். அங்கே பாடசாலைகளில் பிள்ளைகளே வகுப்பறையைக் கூட்டித் துடைக்கிறார்கள். நம்மிடமும் காலையில் கூட்டுகிறோம். யாருடைய முறை என்பதில் சண்டை வருமா, வந்தால் யார் தீர்ப்பது? இப்படி ஒரு கேள்வி, 'ஜப்பானியரின் ஒழுக்கத்தை வியக்கிறேன்' என்ற வரியைவிட எவ்வளவோ மேல். ஜெர்மனி என்றால், பல வீடுகளில் இரவில் அடுப்பு மூட்டாமல் பாண், சீஸ் என்று ஆறின சாப்பாடு சாப்பிடுவார்கள், ஞாயிற்றுக்கிழமை கடைகள் பெரும்பாலும் பூட்டிக் கிடக்கும். அந்த ஞாயிறுகளில் உங்கள் வயசுப் பிள்ளைகள் என்ன செய்வார்கள் என்று யோசித்து எழுதலாம்.

நீங்கள் கேட்ட நாடே கிடைக்கும் என்பதற்கு உறுதியில்லை, அதனால் கடிதம் முழுவதையும் ஒரே நாட்டின் மேல் கட்டிவிடாதீர்கள். ஒரு பத்தி போதும்.

மாட்டிறைச்சி சாப்பிடமாட்டோம், வெள்ளிக்கிழமை மரக்கறிதான். இதைச் சொன்னால் பழகத் தெரியாதவள் என்று கழித்துவிடுவார்களா?

சொல்லாமல் போய் அங்கே முதல் நாள் தட்டைத் தள்ளிவைத்தால்தான் சிக்கல். உணவு, மதம், ஒவ்வாமை எல்லாவற்றுக்கும் படிவத்தில் இடமிருக்கும், அங்கே உள்ளது உள்ளபடி எழுதுங்கள். வீடு தேடும்போது அதைப் பார்ப்பார்கள். கடிதத்திலும் சொல்ல விரும்பினால் எதில் இறுக்கம், எதில் தளர்வு என்று பிரித்துச் சொல்லுங்கள்: "மாட்டிறைச்சி சாப்பிடமாட்டேன். மற்றவர்கள் அதே மேசையில் சாப்பிட்டால் எனக்குப் பிரச்சினை இல்லை. வெள்ளிக்கிழமைக்கு எனக்கு நானே ரொட்டி சுட்டுக்கொள்வேன்." வெள்ளிக்கிழமையை விட்டுக்கொடுக்க முடியுமா என்று அம்மாவிடம் முதலிலேயே பேசி முடிவெடுத்துவிடுங்கள். நேர்காணலில் பெற்றோரையும் உட்காரவைத்துக் கேட்கும் இடங்கள் உண்டு.

மகன் இந்த வருஷம் சாதாரண தரம் எழுதுகிறான். ஒரு வருஷம் போனால் உயர்தரம் பிந்துமே. அதைக் கடிதத்தில் எழுத வேண்டுமா? (ஒரு தந்தை)

பிந்தும், ஐயா. அங்கே படிக்கும் வருஷம் நம் உயர்தரத்துக்குப் பெரும்பாலும் கணக்கில் வராது. திரும்பிவந்து சக வயதுப் பிள்ளைகளுக்கு ஒரு வருஷம் பின்னால் உட்கார வேண்டியிருக்கலாம். போகுமுன் அதிபரிடம் பேசி, திரும்பி வந்தால் இடம் உண்டா என்று எழுத்தில் வாங்கிவையுங்கள். கடிதத்தில் மகன் ஒரே வரியில் சொன்னால் போதும்: "என் நண்பர்கள் எனக்கு முன் உயர்தரம் எழுதுவார்கள் என்று தெரியும், அப்பாவும் நானும் இதைப் பேசிவிட்டோம்." பாதியில் திரும்பிவிடும் பிள்ளை இல்லை என்று தெரிவிக்க அது உதவும்.

போன வருஷம் தெரிவான அண்ணாவின் கடிதம் கையில் இருக்கிறது. அதை மாதிரியாக வைத்து எழுதலாமா?

படித்துவிட்டு மூடிவையுங்கள். ஒரே ஊரிலிருந்து வரும் கடிதங்களை ஒரே ஆட்கள்தான் படிக்கிறார்கள், அந்த அண்ணாவின் முதல் வரி அவர்களுக்கு ஞாபகம் இருக்கும்.

வீட்டுக்காரக் குடும்பத்துக்கு ஒரு கடிதம், தெரிவுக்கு ஒரு கடிதம் என்று இரண்டு கேட்கிறார்கள். இரண்டிலும் ஒன்றையே எழுதலாமா?

வேண்டாம். தெரிவுக்கான கடிதத்தில் உங்களுக்கு நடந்த ஒன்றிரண்டு சம்பவங்களை எழுதுகிறீர்கள். குடும்பத்துக்கு எழுதுவதில் அன்றாடம் வர வேண்டும்: எத்தனை மணிக்கு எழும்புவீர்கள், ஞாயிறு காலை என்ன செய்வீர்கள், தம்பியோடு எதற்குச் சண்டை, நாய்க்குப் பயமா. நாய் முக்கியம். அங்கே பல வீடுகளில் நாய் வீட்டுக்குள்தான் வளரும், சோபாவிலும் ஏறும். பயம் இருந்தால் சொல்லிவிடுங்கள், நாயில்லாத வீடாகப் பார்ப்பார்கள்.

எப்படி முடிப்பது? "வாய்ப்புத் தந்தால் நாட்டுக்குப் பெருமை சேர்ப்பேன்" என்று சேர் போடச் சொல்கிறார்.

சேர் கோபித்துக்கொள்ளாமல் இருக்க ஒரு பிரதியில் போட்டுக் காட்டுங்கள், அனுப்பும் பிரதியில் எடுத்துவிடுங்கள். சொல்ல வந்த கடைசி விஷயம் முடிந்த இடத்தில் நிறுத்தினால் போதும். தலவாக்கலை மாணவியின் கடிதம், போகும் நாட்டு வீட்டில் யாராவது தோட்டம் போட்டிருந்தால் குளிர்காலத்தில் அந்தச் செடிகளை என்ன செய்வார்கள் என்று கேட்கப்போவதாகச் சொல்லி நின்றுவிடுகிறது.

அனுப்புமுன் ஒரே ஒரு சரிபார்ப்பு, அதுவும் நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கே உரியது. பிறப்புச் சான்றிதழில் ஒரு எழுத்துக்கூட்டல், பாடசாலைப் பதிவேட்டில் வேறொன்று, அப்பாவின் பெயர் அடையாள அட்டையில் மூன்றாவது மாதிரி என்று இருப்பது இங்கே சாதாரணம். கடிதத்தின் அடியிலும் படிவத்திலும் கடவுச்சீட்டில் உள்ளபடியே பெயரை எழுதுங்கள். கடவுச்சீட்டு இன்னும் எடுக்கவில்லை என்றால் பிறப்புச் சான்றிதழில் உள்ளபடி எழுதுங்கள். அதிலேயே பிழை இருந்தால் பிரதேச செயலகத்தில் திருத்தக் கொடுக்கும் வேலையைக் கடிதம் எழுதத் தொடங்கும் வாரத்திலேயே ஆரம்பித்துவிடுங்கள், கடிதத்தைவிட அதற்குத்தான் நாள் அதிகம் பிடிக்கும்.